வளந்துட்டே இருந்த கம்பெனி நின்னு போச்சு, இது எந்த நெருக்கடிங்க?

ஊத்துக்குளிப்பொண்ணு · திங்கள் இரவு 10.20

வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு கேக்கறதுக்கு ஒன்னு இருக்குது.

எங்கய்யன் 2001ல ஆறு மெசின் வெச்சு பவர் டேபிள் போட்டாரு, மத்தவங்களுக்கு தெச்சுக் குடுக்கற வேலைதான். 2008ல சொந்தமா எக்ஸ்போர்ட் ஆரம்பிச்சோம். இப்ப 420 பேரு வேல செய்யறாங்க, திருப்பூர்லயும் ஊத்துக்குளி ரோட்லயும் ரெண்டு யூனிட். மூனு வருசமா ஆர்டர் வருது ஆனா கம்பெனி நகரல. பதினாலு மாசத்துல நாலு மெர்ச்சண்டைசர் வேலைய விட்டுட்டாங்க, நாலு பேருமே நல்லா வேல தெரிஞ்சவங்க. ஷிப்மெண்ட் டேட்டு தவறி ஏர்ல அனுப்பறது வழக்கமாவே ஆயிருச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் லாரி கிரைனர்னு ஒரு பேராசிரியர் சொன்ன, கம்பெனி வளர்ற கட்டங்களப் பத்தி சொன்னாரு. படைப்பாற்றல்ல ஆரம்பிச்சு கூட்டுழைப்பு வரைக்கும் அஞ்சு கட்டம், ஒவ்வொன்னும் ஒரு நெருக்கடில முடியும்னு. அதப் படிச்சதும் எங்களுக்கு வந்திருக்கறது முதல் நெருக்கடி, அதாவது தலைமை நெருக்கடின்னு தோனுச்சு, ஏன்னா அய்யன் கையெழுத்து இல்லாம ஒரு பட்டன் கூட வாங்க முடியாது. அதுக்கு மருந்து நல்ல மேனேஜர் ஒருத்தரக் கொண்டு வரதுதான்னு போட்டிருந்துச்சு. இருக்கற ஜிஎம் பத்தாது, புதுசா இன்னொரு ஜெனரல் மேனேஜருக்கு ஆள் தேடலாம்னு இருக்கேன். நான் புரிஞ்சுக்கிட்டது சரிங்களா?

---

காங்கேயம்_காளை · திங்கள் இரவு 10.51

அம்மணி, இது நெருக்கடியெல்லாம் இல்லைங்க, ஆள் பஞ்சம். திருப்பூர் முழுக்க இதே கததான். ஒடிசாக்காரங்க ஊருக்குப் போனா திரும்பி வர மாசக்கணக்காகுது, தீபாவளி பொங்கல்னா லைன்ல பாதி காலி. எங்க தேங்கா எண்ண ஆலைலயே உரிக்கறதுக்கு ஆள் கெடைக்கல. சம்பளத்த ஏத்துங்க, தங்க ரூம் குடுங்க, சரியாயிரும்.

---

ஊத்துக்குளிப்பொண்ணு · திங்கள் இரவு 11.05

அண்ணா, டெய்லருங்க பெருசா போகலைங்க, ஹாஸ்டல் நல்லாத்தான் வெச்சிருக்கோம். போறது ஆபீஸ்ல இருக்கறவங்கதான், அதுலயும் பையர்கூட நேரா பேசறவங்க.

---

கோபி_எம்பிஏ · செவ்வாய் காலை 7.30

அக்கா இது எங்களுக்கு போன செமஸ்டர்ல வந்துச்சு. 420 பேருன்னா நீங்க முதல் கட்டத்துல இருக்கவே முடியாது, அது சின்ன கம்பெனிக்குத்தான். ஆள் எண்ணிக்கைய வெச்சு பாத்தா மூனாவது இல்லாட்டி நாலாவது கட்டம். நாலாவது கட்டம் ஒருங்கிணைப்பு, அது சிவப்பு நாடா நெருக்கடில முடியும், கையெழுத்துக்கு காத்திருக்கறதுன்னு சொன்னீங்கல்ல அதான் சிவப்பு நாடா. அதனால நீங்க நேரா அஞ்சாவது கட்டத்துக்கு போகனும், டீம் வொர்க், ஒரே ஆள் ரெண்டு மேலாளருக்கு பதில் சொல்ற மேட்ரிக்ஸ் அமைப்பு எல்லாம் கொண்டு வரனும்.

---

பவானி_ஜமக்காளம் · செவ்வாய் காலை 9.12

ஈஆர்பி சாஃப்ட்வேர் போடுங்க. நாங்க போட்டோம், நூல் எங்க இருக்குது சாயம் எங்க இருக்குதுன்னு எல்லாமே போன்லயே தெரியுது. அப்ரூவலும் அதுலயே வந்துரும், அய்யன் எங்க இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டினா முடிஞ்சுது. செலவு இருக்குதுதான், ஆனா ரெண்டு வருசத்துல எடுத்தரலாம்.

---

நொய்யல்_வடகரை · செவ்வாய் இரவு 9.40

ஊத்துக்குளி அம்மணி, கொஞ்சம் பொறுங்க, ஆள் தேட வேண்டாம். நான் இருபது வருசம் மில்லுல இருந்துட்டு அப்புறம் கம்பெனிகள்ல மாற்றம் கொண்டு வர்ற வேலைதான் பாத்தேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

கோபி தம்பி, கிரைனர் 1972ல எழுதினப்ப கம்பெனியோட வயசயும் அளவயும் வெச்சு படம் போட்டாரு, ஆனா இத்தன பேருன்னா இந்த கட்டம்னு எங்கயும் கோடு போட்டுக் குடுக்கல. தொழில் வேகமா வளந்தா கட்டமும் சீக்கிரம் மாறும், மெதுவா வளந்தா ஒரே கட்டத்துல பல வருசம் ஓடும். அதனால தலைய எண்ணி கட்டத்தக் கண்டுபிடிக்க முடியாதுங்க. இதுக்கு முன்னாடி என்ன நெருக்கடி வந்துச்சு, அத எப்படி தீத்தாங்கன்னுதான் பாக்கனும். அவரு சொன்னதோட சாரமே அதுதான், போன நெருக்கடியத் தீத்த மருந்துதான் அடுத்த நெருக்கடிக்கு விதை. ஒவ்வொரு நெருக்கடியும் தீந்ததும் நாலுல இருந்து எட்டு வருசம் நல்லா ஓடும், அப்புறம் அந்த மருந்தே தொண்டைல அடைக்கும்.

அதனால எனக்கு ஒரே ஒரு கேள்வி. 2008ல எக்ஸ்போர்ட் ஆரம்பிச்சதுக்கும் இப்பத்துக்கும் நடுவுல ஒரு பெரிய மாத்தம் நடந்திருக்கும். யாராச்சும் வெளிய இருந்து வந்தாங்களா?

---

ஊத்துக்குளிப்பொண்ணு · செவ்வாய் இரவு 10.15

அய்யா, ஆமாங்க. நான் அப்ப காலேஜுல இருந்தேன். 2012ல ரெண்டு பெரிய ஷிப்மெண்ட் ஒரே மாசத்துல ரிஜெக்ட் ஆச்சு. கணக்கே ஒழுங்கா இல்ல, எந்த துணி எந்த ஆர்டருக்குன்னு அய்யனுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் மனசுல. அப்பத்தான் ஒரு பெரிய மில்லுல இருந்து ரிடையர் ஆனவர ஜிஎம்மா கூட்டிட்டு வந்தாரு. அவருதான் ஸ்டோர், பர்ச்சேஸ், கட்டிங், செக்கிங்னு தனித்தனியா பிரிச்சாரு, ஒவ்வொன்னுக்கும் ரிஜிஸ்டர், எல்லா செலவுக்கும் ஜிஎம் கையெழுத்து, அஞ்சாயிரத்துக்கு மேலன்னா அய்யன் கையெழுத்தும்னு வெச்சாரு. அதுக்கப்புறம் ஏழு வருசம் நெம்ப நல்லா போச்சுங்க. அவரு இன்னும் இருக்காரு.

---

நொய்யல்_வடகரை · செவ்வாய் இரவு 11.02

அப்ப உங்க கேள்விக்கு பதில நீங்களே எழுதிட்டீங்க அம்மணி. தலைமை நெருக்கடி 2012லயே வந்து போயிருச்சு.

முதல் கட்டத்துல ஆரம்பிச்சவரு பொருளுலயும் சந்தைலயும்தான் மனச வெப்பாரு. எல்லாரும் ராப்பகலா ஒன்னா வேல செய்வாங்க, பேச்சுலயே எல்லாம் நடக்கும். பெருசானதும் அந்த பேச்சு பத்தாது, கணக்கு வேணும், அதுக்கு ஆள் வேணும். உங்கய்யன் அந்த ஆளக் கொண்டு வந்தாரு, அதுக்கே பெரிய மனசு வேணும், பல பேரு அங்கயே முடிஞ்சு போயிருக்காங்க. வந்தவரு செஞ்சதெல்லாம் ரெண்டாவது கட்டத்து வேல, துறை பிரிக்கறது, ரிஜிஸ்டர், யாருக்கு யாரு மேலன்னு வரிச. அதாவது மேல இருந்து வழி காட்டறது.

இந்த கட்டம் முடியறது தன்னாட்சி நெருக்கடில. கீழ இருக்கறவங்களுக்கு பையரப் பத்தியும் மெசினப் பத்தியும் மேல இருக்கறவங்களவிட அதிகமா தெரிய ஆரம்பிச்சிரும், ஆனா முடிவெடுக்கற அதிகாரம் மட்டும் மேலயே நிக்கும். விதிப்படி நடக்கறதா, தெரிஞ்சதச் செய்யறதான்னு அவங்க நடுவுல மாட்டிக்குவாங்க. மேல இருக்கறவங்க பழைய வழிய விட மாட்டாங்க, ஏன்னா அந்த வழிலதான் ஜெயிச்சாங்க. கீழ இருக்கறவங்க மனசு விட்டு கெளம்பிருவாங்க. போனது டெய்லர் இல்ல, பையர்கூட பேசறவங்கன்னு சொன்னீங்கல்ல, எனக்கு அங்கயே தெரிஞ்சுருச்சு.

இப்ப இன்னொரு ஜிஎம் கொண்டு வந்தீங்கன்னா ஒரு கையெழுத்து கூடும், அவ்வளவுதான். பவானிக்காரர் சொன்ன ஈஆர்பி நல்லதுதான், ஆனா அது பல யூனிட்ட ஒன்னா கட்டிப் புடிக்கற மருந்து, நாலாவது கட்டத்துக்கானது. இப்பப் போட்டா கையெழுத்துக்கு காத்திருக்கறது கம்ப்யூட்டர்ல நடக்கும். தம்பி சொன்ன மேட்ரிக்ஸ் இன்னும் தூரம். தனியா முடிவெடுத்தே பழகாதவங்க கூடி முடிவெடுக்க முடியாது. கட்டத்தத் தாண்டிக் குதிக்காதீங்கன்னு கிரைனரே எச்சரிச்சிருக்காரு.

நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம், அதனால ஒரு சோதன பண்ணுங்க. ரெண்டு வாரம் அய்யன் டேபிளுக்கும் ஜிஎம் டேபிளுக்கும் வர்ற ஒவ்வொரு முடிவையும் ஒரு நோட்ல எழுதுங்க. என்ன விசயம், எவ்வளவு ரூவா, எத்தன மணி நேரம் காத்திருந்துச்சு. முக்கியமா, கேட்டவங்க சொன்னதையே ஓகே பண்ணாங்களா இல்ல மாத்துனாங்களா. கடைசியாச் சொன்னது இல்லாம அந்த நோட்டுக்கு அர்த்தமே இல்லைங்க.

---

பவானி_ஜமக்காளம் · புதன் காலை 8.20

அண்ணா நீங்க சொல்றது புரியுது. ஆனா எங்களுக்கு ஈஆர்பி வேல செஞ்சுதே?

---

நொய்யல்_வடகரை · புதன் காலை 9.05

உங்களுக்கு எத்தன தறிக்கூடம்? ஒவ்வொன்னுக்கும் தனித்தனி பொறுப்பாளர் இருந்து, அவங்களே நூல் வாங்கி அவங்களே விலை பேசிட்டு இருந்தாங்களா?

---

பவானி_ஜமக்காளம் · புதன் காலை 9.31

மூனு எடம். ஆமா, எங்க அண்ணன் தம்பி மூனு பேரும் ஆளுக்கு ஒன்னு பாத்துட்டு இருந்தோம், ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன வாங்கறாங்கன்னே தெரியாது. ஓ. அதனாலதான் எங்களுக்கு ஒத்து வந்துச்சு போல.

---

சின்னியம்பாளையம்_மோல்டர் · புதன் மதியம் 2.15

இந்த எடத்துல நான் சொல்லியே ஆகனும். எங்களுது ஃபவுண்டரி, பம்புக்கும் மோட்டாருக்கும் காஸ்டிங் ஊத்தறோம். எங்கப்பா 2014ல இதே மாதிரி ஒரு நாள் முடிவு பண்ணி ரெண்டு ஃபவுண்டரியும் ரெண்டு மேனேஜர் கைல குடுத்துட்டாரு. லாபம் வந்தா போனஸ், மாசம் ஒரு ரிப்போர்ட், நான் தலையிட மாட்டேன்னாரு. மொத ரெண்டு வருசம் அருமையா போச்சு, ரெண்டு பேரும் போட்டி போட்டு வேல செஞ்சாங்க, புது கஸ்டமர் வந்தாங்க.

அப்புறம் ஒரு நாள் பாக்கறோம், ரெண்டு பேரும் ஒரே சப்ளையர்கிட்ட பிக் அயர்ன் வாங்கறாங்க, வேற வேற விலைக்கு. ஒரே கஸ்டமருக்கு ஒருத்தர் 45 நாள் கடன், இன்னொருத்தர் 90 நாள் கடன். கஸ்டமர் வெவரமா எல்லா ஆர்டரையும் 90 நாள் பக்கம் தள்ளிட்டாரு. ஒரு ஃபவுண்டரில பேட்டர்ன் சும்மா கெடக்குது, இன்னொன்னு அதே பேட்டர்னுக்கு வெளிய காசு குடுத்து செய்ய வெச்சிருக்குது. எங்கப்பா கோவத்துல எல்லாத்தையும் திரும்ப தன் கைக்கே எடுத்துட்டாரு. ஆறே மாசத்துல ரெண்டு மேனேஜரும் போயிட்டாங்க.

அதனால அதிகாரம் குடுங்கன்னு சொல்றவங்க இதையும் சேத்து சொல்லனும்.

---

நொய்யல்_வடகரை · புதன் மாலை 6.48

சொன்னதுக்கு நெம்ப நன்றிங்க, இதத்தான் அதிகாரத்தப் பிரிச்சுக் குடுக்கற மூனாவது கட்டத்தோட கட்டுப்பாட்டு நெருக்கடின்னு சொல்றது. குடுத்ததத் திரும்பப் புடுங்கறதும் கிரைனர் எழுதினதுதான், பெரும்பாலும் அது பலிக்காது, ஏன்னா அதுக்குள்ள வேல அவ்வளவு பெருசாயிருக்கும், ஒருத்தர் கைல அடங்காது. நீங்க அப்ப செஞ்சிருக்க வேண்டியது பிக் அயர்ன் வாங்கறதையும் கடன் நாளையும் மட்டும் பொதுவுல வெச்சுட்டு மீதிய அவங்க கைலயே விட்டிருக்கறது. எதெல்லாம் பொதுவுல, எதெல்லாம் தனியா, இத பிரிக்கறதுதான் நாலாவது கட்டம். ஜெனரல் மோட்டார்ஸ்ல ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920கள்ல செஞ்சதும் இந்த மாதிரிதான், காரு விக்கறது அந்தந்த டிவிசன் பொறுப்பு, பணமும் பெரிய முதலீடும் தலைமை ஆபீஸ் பொறுப்பு.

ஆனா அந்த பயத்துல ஊத்துக்குளி அம்மணி அதிகாரம் குடுக்காம இருக்க முடியாது. நெருக்கடி வரும்னு தெரிஞ்சே அந்தக் கட்டத்துக்குள்ள போகனும், வேற வழி இல்ல.

---

கரூர்_டவல் · புதன் இரவு 10.30

நான் அந்த பக்கத்துல இருந்து சொல்றேன். திருப்பூர்ல ஒரு கம்பெனில ஒம்பது வருசம் மெர்ச்சண்டைசரா இருந்தேன், பேரு வேண்டாம். ஒரு பையர மட்டுமே நான் பாத்தேன், அவங்களுக்கு எந்த ஷேடு புடிக்கும், எந்த சீசன்ல விலை பேசலாம்னு என் மொதலாளியவிட எனக்குத்தான் தெரியும். ஆனா சாம்பிள் கொரியர் அனுப்பறதுக்கு கூட கையெழுத்து. நான் வேலைய விட்டு வேற வேலைக்குப் போகல, கரூர்ல நானே ஒரு யூனிட் போட்டேன். என்கூட இருந்த மூனு பேருல ரெண்டு பேரும் அப்படித்தான்.

வெளிநாட்டு கம்பெனிய வெச்சு எழுதினவருக்கு இது தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகம். அங்க மேனேஜர் கோவிச்சுட்டா இன்னொரு கம்பெனிக்குப் போவாரு. இங்க அப்படி இல்ல, நூல் கடனுக்கு கெடைக்கும், நிட்டிங் ஜாப் ஒர்க், டையிங் ஜாப் ஒர்க், தெக்கறதுக்கு பவர் டேபிள், ஒரு சின்ன ரூமும் ஒரு பையரும் இருந்தா கம்பெனி ஆரம்பிச்சரலாம். தன்னாட்சி கேட்டு கெடைக்காதவங்க தன்னாட்சிய எடுத்துக்கறாங்க. திருப்பூர்ல ஒரு பெரிய கம்பெனிக்கு பதிலா ஆயிரக்கணக்குல சின்ன கம்பெனி இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன்.

---

நொய்யல்_வடகரை · வியாழன் காலை 6.10

ராத்திரி இதப் படிச்சுட்டு யோசிச்சுட்டே இருந்தேன். நீங்க சொல்றது சரியாத்தான் படுது. அவரு படத்துல ஒரு கம்பெனி தொடர்ந்து மேல ஏறிட்டே போகுது, இங்க அது கெள பிரிஞ்சு போகுது. பெருசாக வேண்டாம்னு இருக்கறதும் ஒரு வழிதான்னு அவரு சொல்லாம இல்ல, ஆனா பிரிஞ்சு போறவங்க அந்த படத்துல இல்ல. இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க.

---

ஊத்துக்குளிப்பொண்ணு · (பதினேழு நாள் கழிச்சு) ஞாயிறு மாலை 5.30

எல்லாருக்கும் வணக்கமுங்க. அய்யா சொன்ன மாதிரி நோட்டு போட்டேன். ஜிஎம்முக்கு தெரிஞ்சேதான் போட்டேன், மறைக்கல.

ரெண்டு வாரத்துல 61 முடிவு மேல வந்துச்சு. அதுல 44 இருபத்தஞ்சாயிரத்துக்கு உள்ள. சராசரியா ஒன்றரை நாள் காத்திருந்துச்சு. கேட்டத மாத்துனது எத்தனன்னு பாத்தா மூனுங்க. அறுபத்தியொன்னுல மூனு. அந்த மூனும் ஒரு லட்சத்துக்கு மேலான துணி புக்கிங், மூனுலயுமே அய்யன் மாத்துனதுதான் சரி, அதையும் சொல்லியாகனும்.

அதோட இன்னொன்னு பண்ணேன். போன மாசம் ஏர்ல போன ஒரு ஆர்டரப் பின்னாடி தேடிப் போனேன். 4,200 பீஸ் டீ சர்ட், தைக்கற நூல் ஷேடுல 40 கோன் பத்தல. மெர்ச்சண்டைசருக்கு கட்டிங் முடிஞ்ச அன்னைக்கே தெரியும். நூலோட விலை 6,800 ரூவா. ஜிஎம் டெல்லி கண்காட்சிக்குப் போயிருந்தாரு, அய்யன் ஒரு கல்யாணத்துக்கு பழனி போயிருந்தாரு, ரெண்டு பேருமே போன எடுக்கல. மூனு நாள் லைன் நின்னுச்சு. அந்த லைன வேற ஆர்டருக்கு மாத்தி, திரும்ப இதுக்கு வந்து, கப்பல் டேட்டு போச்சு. ஏர் செலவு 3 லட்சத்து 20 ஆயிரம். அய்யன்கிட்ட இந்த ஒரு பேப்பர மட்டும் குடுத்தேன். நெம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் அந்தப் பொண்ணு ஏன் அவளே வாங்கலைன்னு கேட்டாரு. 2016ல ஒருத்தர் கேக்காம ஜிப் வாங்கினதுக்கு நீங்க எல்லாரு முன்னாடியும் திட்டினீங்க, அது இன்னும் ஆபீஸ்ல பேசறாங்கன்னு சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லைங்க.

---

நொய்யல்_வடகரை · ஞாயிறு இரவு 8.20

அறுபத்தியொன்னுல மூனு. அப்ப 58 கையெழுத்து முடிவே இல்லைங்க, வெறும் காத்திருப்பு. ஆனா அந்த மூனையும் விட்டுராதீங்க, அய்யனோட அறிவு எங்க வேணுங்கறத அதுதான் காட்டுது, துணி புக்கிங். அது மேலயே இருக்கட்டும்.

மீதிய எப்படி எறக்கறதுன்னு சொல்றேன். எல்லா பையரையும் ஒரே நாள்ல எறக்காதீங்க, ஒரு பையரோட ஆரம்பிங்க. ஒரு மெர்ச்சண்டைசர், ஒரு ப்ரொடக்சன் இன்சார்ஜ், அந்த பையரோட எல்லா ஆர்டரும் அவங்க பொறுப்பு. ரூவா வரம்பு மட்டும் வெச்சா பத்தாது, ஆர்டருக்கு செலவுக் கணக்கு போடற காஸ்ட்டிங் ஷீட்ல இருக்கற மொத்தத்துக்குள்ள, சின்னதா ஒரு சதவீதம் கூடக் கொறைய இருந்தா கேக்க வேண்டாம், தாண்டினா மட்டும் மேல வரனும்னு வெய்ங்க. செஞ்சத வாரம் ஒருக்கா சொல்லனும், செய்யறதுக்கு முன்னாடி கேக்க வேண்டாம். அய்யன் பாக்க வேண்டியது ஒவ்வொரு ஆர்டரும் முடிஞ்சப்பறம் என்ன நின்னுச்சுங்கற ஒரு பக்கம்.

இனி எங்க கெடும்னு சொல்றேன். மொத மாசம் அந்தப் பொண்ணே திரும்ப கேக்க வருவா. அதிகாரம் குடுத்தாலும் முடிவெடுத்து பழக்கம் இருக்காது, பயமும் இருக்கும். அய்யன் பாவம் பாத்து பதில் சொன்னாருன்னா அன்னைக்கே எல்லாம் பழையபடி ஆயிரும். அவரு திருப்பிக் கேக்கனும், நீ என்ன பண்ணலாம்னு இருக்கற கண்ணு, சரி அதையே பண்ணுன்னு. ஒரு தப்பு கட்டாயம் நடக்கும், அஞ்சாயிரமோ பத்தாயிரமோ போகும். அப்ப அய்யன் என்ன பேசறாருங்கறத ஆபீஸ் முழுக்க பாத்துட்டு இருக்கும், அந்த ஜிப் கத மாதிரி.

---

காங்கேயம்_காளை · ஞாயிறு இரவு 9.02

நான் மொதல்ல ஆள் பஞ்சம்னு சொன்னது தப்புத்தானுங்க. இத படிச்சதுக்கப்புறம் நானும் எங்க ஆலைல பாத்தேன், கொப்பரை எடைக்கு போடறவரு நாலு வருசமா இருக்காரு, ஈரம் கையில தொட்டே சொல்லிருவாரு, ஆனா வெலைய நான் வந்தாத்தான் சொல்லனும்னு வெச்சிருக்கேன். விவசாயி வெயில்ல நிக்கறாரு.

---

கோபி_எம்பிஏ · ஞாயிறு இரவு 9.40

அய்யா ஒரு சந்தேகம். அஞ்சாவது கட்டமான கூட்டுழைப்பும் ஒரு நெருக்கடில முடியனும்ல? எங்க நோட்ஸ்ல அங்க ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்குது, சார் அத விட்டுட்டாரு.

---

நொய்யல்_வடகரை · ஞாயிறு இரவு 10.12

அவரு போட்டதே கேள்விக்குறிதான் தம்பி, உங்க சார் விட்டுடல. 1972ல அந்தக் கட்டத்த முழுசா தாண்டின கம்பெனி அவரு கண்ணு முன்னாடி இல்ல. எந்நேரமும் கூடிப் பேசறது, புதுசு புதுசா செய்யனும்ங்கற அழுத்தம், இதுல ஆளுங்க மனசளவுல களைச்சுப் போயிருவாங்கன்னு ஒரு ஊகம் சொன்னாரு. பின்னாடி 1998ல அந்தக் கட்டுரைய மறுபடி அச்சுல போட்டப்ப, உள்ளுக்குள்ள இனி வளர வழி இல்லைன்னு தெரியறதுதான் நெருக்கடியா இருக்கலாம், வெளிய மத்த கம்பெனிகளோட கூட்டு சேரறது அடுத்த கட்டமாகலாம்னு சேத்தாரு. எனக்கென்னமோ மொத ஊகம்தான் உண்மைக்கு பக்கமா படுது, ஆனா நான் நேர்ல பாத்த கம்பெனிகள்ல அஞ்சாவது கட்டத்துக்கு வந்தது ஒன்னே ஒன்னு, அத வெச்சு சொல்லக் கூடாது.

---

சின்னியம்பாளையம்_மோல்டர் · திங்கள் காலை 8.45

ஊத்துக்குளி தங்கச்சி, ஒன்னே ஒன்னு. நூலு, துணி யாரு யாரு எங்க வாங்கறாங்கங்கற லிஸ்ட இப்பவே ஒரு எடத்துல வெய்யுங்க. ரெண்டாவது பையரையும் எறக்கும்போது எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

---

ஊத்துக்குளிப்பொண்ணு · வியாழன் இரவு 11.20

அண்ணா வெச்சுட்டேங்க.

ஒரு பையருக்கு மட்டும் அய்யன் ஒத்துக்கிட்டாரு, ஜிஎம்மும் சரின்னுட்டாரு. அவருதான் எதுப்பாருன்னு நெனச்சேன், ஆனா அந்த நோட்டப் பாத்துட்டு அவரே ஏழு ரிஜிஸ்டர ரெண்டாக் கொறச்சாரு.

முட்டறது சித்தப்பாகிட்டங்க. கணக்கு அவருதான். காஸ்ட்டிங் ஷீட்ட மெர்ச்சண்டைசருக்கு காட்ட மாட்டேங்கறாரு. நம்ம லாபம் எவ்வளவுன்னு தெரிஞ்சா நாளைக்கே அந்தப் பொண்ணு பையரக் கூட்டிட்டு தனியா போயிருவா, கரூர்காரர் எழுதினத நானே படிச்சேன்ங்கறாரு. காஸ்ட்டிங் தெரியாம ஒரு சதவீதம் கூடயா கொறையான்னு அவ எப்படி பாப்பா? அதிகாரம் குடுத்து கண்ணக் கட்டி விடற மாதிரி இருக்குது. சித்தப்பா பயம் பொய்யின்னும் என்னால சொல்ல முடியல.

---

கரூர்_டவல் · வெள்ளி காலை 6.50

அந்த ஷீட்ட மறைச்சதாலதான் நான் போனேன் அம்மணி, காட்டினதால இல்ல. ஆனா உங்க சித்தப்பா என்ன நம்பனும்னு அவசியம் இல்ல. ஷீட்ல லாபத்த மட்டும் எடுத்துட்டு நூல், துணி, தையல், டிரிம்ஸ், பேக்கிங்னு செலவு வரிய மட்டும் குடுக்க முடியுமான்னு கேளுங்க. அவளுக்கு தேவ அதுதான்.

---

ஊத்துக்குளிப்பொண்ணு · சனி மதியம் 1.05

செலவு வரி மட்டும் குடுக்க சித்தப்பா சரின்னுட்டாருங்க, மூனு மாசத்துக்கு. அதுக்கப்புறம் பாக்கலாம்னாரு. நேத்து அந்தப் பொண்ணு 12,000 ரூவாய்க்கு லேபிள் அவளே ஆர்டர் பண்ணிட்டு, அய்யன் ரூம் வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டு, உள்ள வராம திரும்பிப் போனா.